படம் அனுப்பினார்கள், அனுமதி கொடுத்தார்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாச்சியார்கோவிலில் எங்கள் குடும்பம் பித்தளைக் குத்துவிளக்கு செய்து விற்கிறது. பட்டறை என் மாமனார், கணவர் பொறுப்பு. போனில் வரும் ஆர்டர்களை நான் பார்க்கிறேன். வாங்கியவர்களிடம் படம் கேட்டு வாங்குவது பற்றியும், அதை நம் கடைக்குப் பயன்படுத்த எப்படி அனுமதி பெறுவது என்பது பற்றியும் பேசுகிறேன்.

வெள்ளைத் துணி முன்னால் வைத்து நாங்களே எடுக்கும் படத்தில் ஒன்றரை அடி விளக்கும் மூன்றடி விளக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்குலத்தில் எழுதிப் போட்டாலும், பார்சலைப் பிரித்ததும் "இவ்வளவு சின்னதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே விளக்கு ஒருவர் வீட்டு நிலைப்படி ஓரம் நிற்கிற படத்தைக் காட்டினால் அந்தக் கேள்வியே வராது. அதனால் பார்சல் போய்ச் சேர்ந்த அன்றைக்கு நான் படம் கேட்பதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்கிறேன். அன்றைக்குத்தான் விளக்குக்குப் பொட்டு வைத்து, ஏற்றியிருப்பார்கள்.

ஆனால் படம் வந்துவிட்டால் அது நம்முடையது ஆகிவிடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு அம்மா புதுமனை புகுவிழாவுக்கு விளக்கு வாங்கினார். பட்டுப்பாவாடை கட்டிய அவர் மகள் ஐந்து முகத்தில் மூன்றாவது முகத்தை ஏற்றுகிற படம் அனுப்பினார். "அழகா இருக்கும்மா, போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். "சரிம்மா" என்றார். முதலில் ஸ்டேட்டஸில் வைத்தேன். கார்த்திகை நெருங்கியதும் அதே படத்தை ஃப்ளெக்ஸாக அடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினோம், நோட்டீஸிலும் போட்டோம். உறவினர் யாரோ பார்த்துச் சொல்லி, அந்த அம்மா போன் செய்தார். "ஸ்டேட்டஸுக்குத்தானே சரின்னு சொன்னேன்? என் பொண்ணை பஸ் ஸ்டாண்டுல நிறுத்தவா சொன்னேன்?" ஃப்ளெக்ஸை அன்று மாலையே அவிழ்த்துவிட்டோம். நோட்டீஸ் பேப்பரோடு வீடு வீடாகப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

நான் கேட்டதில்தான் பிழை. "போட்டுக்கலாமா" என்றால் எங்கே, எவ்வளவு நாள், யார் முகத்தோடு என்று ஒன்றும் இல்லை. இப்போது படம் கேட்பது ஒரு செய்தி, அனுமதி கேட்பது தனிச் செய்தி. இரண்டாவது இப்படி இருக்கும்:

"அம்மா, நீங்கள் அனுப்பிய படத்தை எங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓராண்டு வரை போட விரும்புகிறோம். ஊர்ப் பெயர் மட்டும் வரும், உங்கள் பெயர் வராது. படத்தை எடுத்தது நீங்கள்தானா? சம்மதம் என்றால் 'ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் சம்மதம்' என்று எழுதுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் ஒரு வரி போதும், எடுத்துவிடுகிறோம்."

நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் என்றால் அதற்குத் தனியாகக் கேட்பேன். அச்சடித்து வெளியே போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுவேன். வெறும் கைகூப்பும் பொம்மை பதிலாக வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் கழித்து மறுபடி ஒரு முறை கேட்பேன். பதில் இல்லையென்றால் விட்டுவிடுவேன். நம் கடைப் பெயரை டேக் செய்து அவர்கள் பக்கத்தில் போட்ட படத்துக்கும் இதேதான். டேக் செய்தது அனுமதி ஆகாது.

"படத்தை எடுத்தது யார்" என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படம் எடுத்தவருக்கே உரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கு உரிமை. ஆகவே கல்யாண ஆல்பத்துப் படம் வந்தால், பணம் கொடுத்தவர் யார், போட்டோகிராபரோடு என்ன பேச்சு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமையுள்ளவர் தரும் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. போனில் வாய் வார்த்தையாகச் சொன்னால், "அப்படியே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்கம்மா" என்று கேட்டுவிடுவேன். காலம் குறிக்காமல் விட்டால் ஐந்தாண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு விளக்குப் படத்துக்கு அவ்வளவு காலம் எதற்கு? ஓராண்டு என்று நானே குறித்துவிடுகிறேன்.

எடுத்தவர் சரி என்றாலும், படத்தில் இருப்பவரும் சரி சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்றால் அப்பா அம்மா எழுதித் தர வேண்டும். என் விருப்பம், பிள்ளைகள் முகமே வேண்டாம். விளக்கும் ஏற்றுகிற கையும் போதும்.

படம் அனுப்பினால் அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தரலாமே என்று கேட்பார்கள். படம் அனுப்பியதற்குத் தரலாம், அனுமதிக்கு விலையாக வைக்கக் கூடாது. படம் அனுப்பியதற்குத் தள்ளுபடி தந்திருந்தால், அதையும் படத்தின் கீழே எழுதிவிட வேண்டும்.

வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தோடு ஒரே ஃபோல்டரில், தேதியைப் பெயராகப் போட்டு வைக்கிறேன். மாதம் பிறந்ததும் ஃபோல்டரைத் திறந்து, ஓராண்டு முடிந்தவற்றை எடுத்துவிட்டு, வேண்டியவர்களிடம் மறுபடி கேட்கிறேன்.

மன்னார்குடி அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கார்த்திகைக்கு அவரே ஒரு படம் அனுப்பினார். வாசலில் விளக்கு, கோலம், ஓரத்தில் ஒரு கை. கீழே எழுதியிருந்தார்: "இது ஃப்ளெக்ஸுக்கும் சம்மதம்."

வணக்கம்.