ஒரு தள்ளு, ஓர் ஆர்: அரேயைச் சமமாகப் பிரிக்க முடியுமா?

நண்பர்களே, பலகையில் ஐந்து எண்கள் இருக்கின்றன: 3, 1, 4, 2, 2. இவற்றை இரண்டு கூறாகப் பிரித்தால் இரு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாக வருமா? எத்தனை எண்கள் எந்தப் பக்கம் என்பது பற்றிக் கவலையில்லை. மொத்தம் 12. ஒரு பக்கம் 6 கிடைத்துவிட்டால் மிச்சமும் தானாக 6தான். ஆக, சில எண்களைக் கூட்டி 6 கொண்டுவர முடியுமா என்று கேட்டால் போதும். மொத்தம் ஒற்றைப்படை என்றால் அங்கேயே கதை முடிந்தது.

இப்போது ஏழு பிட் எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கோடியில் இருப்பது 0ஆம் பிட், இடக்கோடியில் 6ஆம் பிட். ஒரு பிட் 1 என்றால் அந்தத் தொகையை எட்ட முடியும் என்று பொருள். எதையும் எடுக்காமல் 0ஐ எட்டலாம் அல்லவா, அதனால் தொடக்கம் 0000001. அடுத்து 3 வருகிறது. இதுவரை எட்டிய ஒவ்வொரு தொகையோடும் 3ஐக் கூட்டுவது என்றால், மொத்த வரிசையையும் மூன்று இடம் இடப்பக்கம் தள்ளுவதுதான். 3ஐ எடுக்காத வாய்ப்பும் உண்டே. அதற்காகத் தள்ளியதைப் பழையதோடு ஆர் செய்கிறோம்.

```
தொடக்கம்   0000001
3          0001001
1          0011011
4          0111011
2          1111111
```

4ஐச் சேர்த்தபோது 7, 8 ஆகிய தொகைகளும் கிடைத்தன. அவை இடப்பக்கம் வழிந்து விழுந்துவிட்டன. பாதியைத் தாண்டியது நமக்கு வேண்டாம், விழட்டும். முதல் 2 வந்ததுமே 6ஆம் பிட் எரிந்துவிட்டது. விடை: முடியும்.

இதையே dp என்ற பூலியன் அரே வைத்து எழுதுகிறவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. உள் லூப்பைச் சிறிய தொகையிலிருந்து பெரியதை நோக்கி ஓட்டிவிடுவார்கள். 1, 2, 5 என்ற அரேயைப் பாருங்கள்; மொத்தம் 8, பாதி 4. 1ஐச் சேர்க்கும்போது dp[1] உண்மையாகிறது. அதே சுற்றில் அதைப் பார்த்து dp[2], அதைப் பார்த்து dp[3], பிறகு dp[4]. இருப்பது ஒரே ஒரு 1. அதை நான்கு முறை செலவழித்துவிட்டு "முடியும்" என்கிறது நிரல். உண்மையில் 4ஐ எட்டவே முடியாது. லூப்பைப் பின்னாலிருந்து ஓட்டினால் இது சரியாகும். மேலே பார்த்த பிட் வரிசையை b என்ற பிட்செட்டாக வைத்தால் அந்தக் கவலையே எழாது: `b << x` பழைய நிலையை முழுசாக நகலெடுத்துத் தள்ளிய பிறகுதான் ஆர் நடக்கிறது. வேகத்தைவிட இந்தக் குணத்துக்காகவே இதை நான் சிபாரிசு செய்வேன்.

வேகமும் சின்னது இல்லை. 200 எண்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 100 என்று வையுங்கள். பாதி 10000க்கு மேல் போகாது. சாதாரண அரேயில் 20 லட்சம் படிகள். பிட்செட்டில் 10001 பிட்கள் 157 அறுபத்துநான்கு-பிட் சொற்களில் அடங்கிவிடும். 200 எண்களுக்கும் சேர்த்து 31,400 சொற்களைத்தான் தொடுகிறோம்.

```cpp
bitset<10001> b;
b[0] = 1;
for (int x : a) b |= b << x;
return sum % 2 == 0 && b[sum / 2];
```

அந்த 10001ஐக் கவனியுங்கள். 10000 என்று எழுதினால் கடைசிப் பிட்டின் எண் 9999. பாதி சரியாக 10000 வரும் சோதனையில் மட்டும் நிரல் இல்லாத இடத்தைப் படிக்கும். `b.test()` என்றால் பிழை எறியும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். `b[]` என்றால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. பைத்தானில் சாதாரண முழு எண்ணையே பிட்செட்டாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே எதுவும் தானாக வழிந்து விழாது. பாதியை h என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் `& ((1 << (h + 1)) - 1)` போட்டு நாமே வெட்டாவிட்டால், வேண்டாத மேல்பாதியையும் கடைசிவரை சுமக்க வேண்டியிருக்கும்.

இதன் எல்லை எண்களின் அளவில் இருக்கிறது. கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972இல் பட்டியலிட்ட 21 கடினச் சிக்கல்களில் இந்தப் பிரிப்பும் ஒன்று. பிட்செட் அதைத் தீர்த்துவிடவில்லை, 64 பங்கு வரை சுருக்குகிறது, அவ்வளவுதான். பாதி 100 கோடி என்றால் பிட்செட்டுக்கு மட்டும் 125 எம்பி நினைவகம், ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனையையும் தள்ள வேண்டும். எண்கள் நாற்பதுக்குள் இருந்தால் அங்கே அரேயை இரண்டாகப் பிளந்து, இரு பக்கத் தொகைகளையும் பட்டியலிட்டுத் தேடுவதே மேல்.

எந்த எண்கள் எந்தப் பக்கம் என்றும் கேட்டால், ஒவ்வொரு நிலையின் பிட்செட்டையும் சேமித்து வையுங்கள். நாம் பார்த்த அளவுக்கு ஏறத்தாழ 250 கேபிதான். பிறகு கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நம் பலகையில் 6 வேண்டும். கடைசி 2க்கு முன்பே 6 எரிந்திருக்கிறது, ஆகவே அது வேண்டாம். அதற்கு முந்தைய 2க்கு முன் 6 எரியவில்லை, எடுத்தாக வேண்டும்; மிச்சம் 4. எண் 4க்கு முன்பே 4ஆம் பிட் எரிகிறது, அதை விடுங்கள். 1க்கு முன் இல்லை, எடுங்கள். மிச்சம் 3, அது முதல் எண்ணேதான். ஒரு பக்கம் 3, 1, 2. மறுபக்கம் 4, 2.