டிஜி ரூமுக்கு வாட்டர் மிஸ்ட்: நாஸில் எங்கே, தண்ணீர் எவ்வளவு, ஸ்பிரிங்க்ளர் ஏன் போதாது?

(காட்சி: பல்லடம் பக்கம் ஒரு நூல் மில். டிஜி ரூம் கதவு திறக்கிறது. இன்ஜின், சுவரோரம் டீசல் டே டேங்க், மேலே சைலன்சர் பைப்.)

வணக்கமுங்க. ஜெனரேட்டர் நிற்கும் டிஜி ரூமில் தீப்பிடித்தால், தண்ணீரைப் பனி மாதிரி பொடித்துளியாக அடித்து அணைப்பதுதான் வாட்டர் மிஸ்ட். இந்த வீடியோவில் அதற்கு ஒரே ஒரு அறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். மொத்தம் 240 கன மீட்டர். உள்ளே ஒரு ஜெனரேட்டர், 990 லிட்டர் டீசல் டேங்க்.

இந்த மாதிரி அறையில் தீ பெரும்பாலும் எப்படிப் பிடிக்கும்? இன்ஜின் ஓடும்போது டீசல் பைப்பில் மெல்லிசாக ஒரு விரிசல் விழும். அதிலிருந்து டீசல் புகை மாதிரி பீய்ச்சி அடித்து டர்போ மேல் படும். 250 டிகிரிக்குள்ளேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். லோடில் ஓடும் டர்போவின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வெளியே தீப்பொறியே தேவையில்லை.

(காட்சி: படம். பெரிய துளி ஒன்று, அதே தண்ணீர் பொடித்துளிகளாக.)

சாதா ஸ்பிரிங்க்ளர் துளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும். 1 லிட்டர் தண்ணீரை அந்த அளவில் உடைத்தால், எல்லாத் துளிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 6 சதுர மீட்டர். அதே லிட்டரை மிஸ்ட் மாதிரி 0.1 மில்லிமீட்டர் துளியாக்கினால் 60 சதுர மீட்டர். சூட்டை வாங்குவது மேற்பரப்புதான். பெரிய துளி தீயைத் தாண்டித் தரையில் விழுந்துவிடும். சின்னத் துளி தீக்குள்ளேயே ஆவியாகிவிடும். 1 லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகி, தீயைச் சுற்றியுள்ள காற்றை வெளியே தள்ளும். ஆக, சூடும் குறைகிறது, ஆக்சிஜனும் குறைகிறது.

ஸ்பிரிங்க்ளருக்கு இங்கே இன்னொரு சிக்கல். டீசல் தண்ணீரில் மிதக்கும். தரையில் கொட்டிக் கிடக்கும் டீசல் மேல் தண்ணீரை அள்ளிக் கொட்டினால், எரிகிற டீசல் தண்ணீரோடு சேர்ந்து கதவுப் பக்கம் நகரும்.

(காட்சி: அறையின் மேல்தோற்றப் படம். ஆறு புள்ளிகள்.)

சரி, நாஸில். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மிஸ்ட் நாஸிலின் இடைவெளியை நாமாகக் கணக்குப் போட்டு முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் நாஸிலை உண்மையான டீசல் தீயில் சோதித்து, எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி, எத்தனை கன மீட்டர் அறை என்று கையேட்டில் எழுதித் தரும். அந்த எல்லைக்குள்தான் அது செல்லுபடியாகும். ஒரு கம்பெனியின் பம்பில் இன்னொரு கம்பெனியின் நாஸிலை மாட்டினால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

நம் கையேடு அதிகபட்சம் 3 மீட்டர் இடைவெளி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் பக்கம் மூன்று, 6 மீட்டர் பக்கம் இரண்டு. மொத்தம் ஆறு நாஸில். சுவரிலிருந்து பாதி இடைவெளி. இன்ஜினுக்கு அடியில் ஆயில் ட்ரே இருக்கிறதே, மேலிருந்து வரும் மிஸ்ட் அங்கே சரியாகப் போகாது. அதற்குப் பக்கவாட்டில் இரண்டு. ஆக எட்டு.

இவை திறந்த நாஸில்கள். ஸ்பிரிங்க்ளர் மாதிரி ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குமிழ் வெடித்துத் திறப்பது இல்லை. இரண்டு டிடெக்டர்கள் தீயை உறுதி செய்ததும் வால்வு திறந்து எட்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். அறை முழுக்க மிஸ்ட் நிறைந்தால்தான் வேலை நடக்கும்.

(காட்சி: ரேடியேட்டர் ஃபேன், சுவரில் பெரிய லூவர்.)

இங்கேதான் நிறைய இடங்களில் கோட்டை விடுகிறார்கள். டிஜி ரேடியேட்டர் ஃபேன் அறையின் காற்றை அள்ளி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மிஸ்ட் அடித்தால், மிஸ்ட் லூவர் வழியாக வெளியே போய்விடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் சைரன், உடனே இன்ஜின் நிற்க வேண்டும், டீசல் லைன் சோலனாய்டு வால்வு மூட வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் நிற்க வேண்டும், லூவரை அடைக்கும் டேம்பர் விழ வேண்டும், அப்புறம்தான் மிஸ்ட். பெரிய தீ தன் சூட்டாலேயே மிஸ்ட்டை நீராவியாக்கித் தன்னை அடக்கிக்கொள்ளும். இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்து எரியும் சின்னத் தீதான் கடினம். கதவு திறந்திருந்தால் அது அணையாமலே கிடக்கும்.

(காட்சி: தண்ணீர் டேங்க், பம்ப்.)

தண்ணீர்க் கணக்கு எளிது. நாஸிலில் வரும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை, நாஸிலுக்குக் கம்பெனி தரும் கே எண்ணால் பெருக்கினால் கிடைக்கும்.

```
Q = K × √P
Q = 1.0 × √100 = 10
```

கே 1, அழுத்தம் 100 பார் என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். எட்டு நாஸிலுக்கு 80 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 800 லிட்டர். தீ சீக்கிரம் அணைந்தாலும் டர்போ ஆறும் வரை அடித்தால்தான் திரும்பப் பற்றாது. அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம்.

இதே அறைக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டால்? எண்ணெய் உள்ள இடம் என்பதால் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று எடுத்தால், 48 சதுர மீட்டருக்கு 576 லிட்டர். அரை மணி நேரத்துக்கே 17,000 லிட்டரைத் தாண்டும்.

அப்புறம் பம்ப். பைப்பில் குறையும் அழுத்தத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு 80 லிட்டரை 120 பாரில் தள்ள ஏறக்குறைய 25 எச்பி மோட்டார் வேண்டும். ஒரு மில்லில் இந்தக் கணக்கைக் காட்டியபோது எலக்ட்ரீசியன் கேட்டார்: "ஏனுங்க, ஈபி போனாத்தானே ஜெனரேட்டர் ஓடும்? அது ஓடுறப்பத்தானே தீப்பிடிக்கும்? அப்ப இந்த மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்துங்க வரும்?"

ரொம்பச் சரியான கேள்வி. தீ பிடித்த ஜெனரேட்டரை நிறுத்தியாச்சு, ஈபியும் இல்லை. கரண்ட் பம்ப் அசையாது. அதனால் தனியாக வேறு அறையில் டீசல் இன்ஜின் பம்ப் வைக்க வேண்டும். இல்லையென்றால் நைட்ரஜன் சிலிண்டர் அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளும் வகையை வாங்க வேண்டும். டிடெக்டர் பேனலுக்கும் வால்வுக்கும் பேட்டரி கட்டாயம். ஒற்றை ஜெனரேட்டர் உள்ள மில்லுக்கு நான் நைட்ரஜன் வகையைத்தான் சொல்வேன்.

(காட்சி: நாஸில் நுனி, நெருக்கமாக. ஓட்டை ஓரத்தில் வெள்ளைப் படிவு.)

இந்த ஓட்டை 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல்லடம், திருப்பூர் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு இங்கேயும் படியும். அதனால் ஆர்ஓ தண்ணீர் மட்டும்தான், மூடிய எஸ்எஸ் டேங்கில். பைப்பும் எஸ்எஸ். இரும்பு பைப் என்றால் துரு உதிர்ந்து வந்து அடைக்கும். ஃபில்டர் ஓட்டை, நாஸில் ஓட்டையில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பைப் போட்டு முடித்ததும் நாஸில் மாட்டாமல் முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மில்லுக்கே உரிய ஒரு தொல்லை, பஞ்சுத் தூசு. டிஜி ரூமுக்கும் பறந்து வந்து, எண்ணெயோடு சேர்ந்து திறந்த நாஸிலை வெளியிலிருந்து அடைக்கும். அழுத்தம் வந்ததும் கழன்று விழும் மூடி உள்ள நாஸிலாகக் கேளுங்கள். வருஷாந்திரச் சோதனையில் காற்றை விட்டு ஒவ்வொரு நாஸில் அடியிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் காற்று மெலிந்து வந்தால் அதைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன ஸ்ட்ரெய்னரைப் பார்க்க வேண்டும்.

(காட்சி: பஞ்சு குடோன். அடுக்கிய பேல்கள்.)

இதைப் பார்த்துவிட்டு பஞ்சு குடோனுக்கும் மிஸ்ட் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பேலுக்குள் கனன்று எரியும் தீக்குத் தண்ணீர் உள்ளே ஊறிப் போக வேண்டும், பொடித்துளி மேலேயே ஆவியாகிவிடும். குடோனும் மூடி வைக்கிற அளவுக்குச் சின்னது இல்லை. அங்கே ஸ்பிரிங்க்ளர்தான், அதற்கான பெரிய டேங்கோடு.