நாற்பதிலிருந்து ஐந்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு தாளைப் பற்றி. நிரல் எழுதும் வேலையில் இருக்கும் ஒரு தம்பி சில மாதங்களுக்கு முன்னால் அதை என்னிடம் நீட்டினார். "படிக்க வேண்டியவை" என்று தலைப்பு, கீழே 40 புத்தகங்கள். எத்தனை முடிந்தது என்று கேட்டேன். "ஒன்றரை, சார்" என்றார்.

புத்தகங்களைப் பற்றி நான் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலை எங்கே சிக்குகிறது என்று மட்டும் கேட்டேன். மூன்று சொன்னார். தானே எழுதிய பழைய நிரலைத் தொடப் பயம். ஒரு பிழையைத் தேடினால் இரண்டு நாள் போய்விடுகிறது. தரவு பெருகினால் நிரல் நகர மாட்டேன் என்கிறது. அந்த மூன்றையும் தாளின் தலையில் எழுதிக்கொண்டோம். 40-ஐ ஐந்தாகக் குறைப்பது, நிற்கும் ஒவ்வொன்றுக்கும் அதை எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒற்றை வரி எழுதுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் போனவை எடுத்துப் பார்க்கும் புத்தகங்கள். டொனால்ட் குனூத்தின் 'கணினி நிரலாக்கக் கலை' 1968-இல் தொடங்கி பல தொகுதிகளாக வளர்ந்த நூல். மேதையின் வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. அந்த வகையில் 9 புத்தகங்களை வேறொரு தாளுக்கு மாற்றினோம். அட்டையிலேயே பதிப்பு எண் போட்ட மென்பொருள் கையேடுகள் 11 இருந்தன. அந்தந்தக் கருவியின் சொந்த ஆவணமே போதும் என்று அவற்றையும் அடித்தோம். மிச்சம் 20.

அடுத்து இரட்டைகள். ஒரே விஷயத்தைச் சொல்லும் புத்தகங்களின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். மோசமான நிரலைக் காட்டி, அதையே திருத்தியும் காட்டுகிற புத்தகத்தை வைத்துக்கொண்டோம். அறிவுரை மட்டும் சொல்வது போனது. இதில் 9 கழிந்தன.

பதினொன்றிலிருந்து ஐந்துக்கு வருவதுதான் சிரமம். ஒவ்வொன்றும் நல்ல புத்தகம். இங்கேதான் அந்த ஒற்றை வரி வேலை செய்கிறது. பலர் ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் அலங்காரமாக வரி எழுதுகிறார்கள். நாங்கள் முதலில் வரியை எழுதினோம். புத்தகம் எப்படிப்பட்டது என்று சொல்வது வரி ஆகாது. இவர் வேலையில் எது மாறும் என்று சொல்ல வேண்டும்.

1994-இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலுக்குத் தம்பி எழுதியது: "23 வடிவமைப்பு முறைகள் தெரியும்." சரி, தெரிந்து? பதில் இல்லை. போனது. ஃப்ரெட் புரூக்ஸின் 'மித்திக்கல் மேன் மன்த்' எனக்கு மிகவும் பிடித்தது. தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இலேயே சொன்ன புத்தகம். ஆனால் இவர் கையில் சேர்க்க ஆளே இல்லை! மனசில்லாமல் அதையும் அடித்தேன்.

நின்றவை ஐந்து. டேவிட் அகன்ஸின் 'டீபக்கிங்': "ஊகிப்பதை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்துப் பிழை தேட." மார்ட்டின் ஃபவுலரின் 'ரீஃபாக்டரிங்': "ஓடும் நிரலை உடைக்காமல் சின்னச் சின்ன அடியாகத் திருத்த." ஹண்ட், தாமஸ் இருவரின் 'பிராக்மாட்டிக் புரோகிராமர்': "ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதி வைக்காமல் இருக்க." கெர்னிகன், ரிட்சியின் 'சி' மொழிப் புத்தகம்: "ஓர் எழுத்துச்சரம் நினைவகத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய."

ஐந்தாவது ஜான் பென்ட்லியின் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்'. இதன் முதல் அத்தியாயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வட்டில் இருக்கும் எண்களை வரிசைப்படுத்துவது எப்படி என்று ஒருவர் கேட்டு வருகிறார். நினைவகம் சுமார் ஒரு மெகாபைட்தான். பென்ட்லி பதில் சொல்லாமல், என்ன எண்கள் என்று திருப்பிக் கேட்கிறார். எல்லாம் ஒரு கோடிக்குள் அடங்கும் முழு எண்கள், எதுவும் இரண்டு முறை வராது. அப்படியானால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிட் போதுமே! இருந்தால் 1, இல்லையென்றால் 0. முதலிலிருந்து படித்துக்கொண்டே போனால் வரிசை தானாகக் கிடைக்கிறது. ஒரு கோடி பிட் என்பது 12.5 லட்சம் பைட்; ஒரே ஓட்டத்தில் அடங்காவிட்டால் இரண்டு ஓட்டம். தம்பி எழுதிய வரி: "தரவைப் பற்றி நாலு கேள்வி கேட்டு நிரலைச் சுருக்க."

படிக்கும் வரிசையில் 'டீபக்கிங்' முதலில். அது சின்னப் புத்தகம், அவருடைய இரண்டு நாள் வலிக்கு நேரான மருந்தும் அதுதான். போன வாரம் பார்த்தேன். மூன்று முடிந்திருக்கிறது, ஃபவுலர் பாதி. 'சி'யில் ஐந்தாவது அத்தியாயத்தில், நினைவக முகவரியைக் காட்டும் சுட்டிகளில், மாட்டிக்கொண்டு நிற்கிறார். அங்கே நிற்காதவர்கள் யார்?