ஐந்தைக் கண்டு ஏன் முகம் சுளிக்கிறோம்?

வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பலன் பார்க்கும் டாரோட் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள். நாலு வகைகளாகப் பிரியும் மைனர் அர்கானா மட்டும் 56. அதிலிருந்து ராஜா, ராணி, வீரன், சேவகன் என்ற 16 முகச் சீட்டுகளை ஓரமாக வைத்துவிடுங்கள். மிச்சம் 40: கோல், கோப்பை, வாள், நாணயம் ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்து வரை. எதைப் பற்றிய விஷயம் என்பதை வகை சொல்லும். அது எந்தப் படியில் நிற்கிறது என்பதை எண் சொல்லும்.

1909-இல் லண்டனில் வந்த ரைடர் டாரோட் சீட்டுக்கட்டை எடுத்துப் பாருங்கள். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த நாலு ஏஸிலும் மேகத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. ஏஸ் என்றால் அவ்வளவுதான், யாரும் தொடாத வாய்ப்பு. இரண்டில் எதிரே இன்னொன்று வருகிறது. மூன்றில் முதல் விளைவு வெளியே தெரிகிறது. நான்கில் அது அப்படியே உறைகிறது.

தடுமாற்றம் அடுத்த படியான ஐந்தில்தான். கோப்பை நான்கில் ஒருவன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். நாலாவது கோப்பை நீட்டப்பட்டும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கிக்காரன் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. பலரும் கவிழ்ந்ததை மட்டும் சொல்லி, பலன் கேட்க வந்தவரை அழவைத்து அனுப்புகிறார்கள். ஐந்து முடிவல்ல, பாதி வழி. உறைந்துபோன நான்கை உலுக்கிவிடுவதே அதன் வேலை.

ஆறில் நிலைமை சீராகிறது, பெரும்பாலும் யாரோ கைகொடுத்து. ஏழில் நின்று சரிபார்க்கிறோம். எட்டில் வேலை வேகம் பிடிக்கிறது. ஒன்பது முடிவுக்கு முந்திய படி. பத்தில் விஷயம் நிரம்பி வழிகிறது. பெரிய எண் என்பதால் பத்து நல்லது என்று நினைக்காதீர்கள்: கோல் பத்தில் ஒருவன் சுமையில் முகம் புதைத்துத் தள்ளாடுகிறான்.

ஒரு உதாரணம். வேலை மாறலாமா என்று கேட்கிறார்கள். கடந்தது, இப்போது, அடுத்தது என்று மூன்று சீட்டு விரிக்கிறோம்: நாணயம் நான்கு, கோல் ஐந்து, நாணயம் எட்டு. நான்கில் ஒருவன் நாணயத்தை மார்போடு இறுக்கிக்கொண்டிருக்கிறான். சம்பளத்தை விட மனமில்லாமல் இருந்த காலம் அது. கோல் ஐந்தில் ஐந்து பேர் கம்பு சுழற்றுகிறார்கள்: போட்டி, இழுபறி. நாணயம் எட்டில் தொழிலாளி பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாணயமாகச் செதுக்குகிறான். பலன் நல்லதுதான். ஆனால் ஐந்திலிருந்து எட்டுக்குத் தாவியிருக்கிறது. நடுவில் ஆறும் ஏழும் இல்லை. உதவி கேட்டீர்களா, புது வேலையின் நிபந்தனைகளைச் சரிபார்த்தீர்களா என்று நான் அங்கேதான் கேட்பேன். இதற்கு மாறாக ஒன்பதுக்குப் பிறகு இரண்டு விழுந்தால் அதைப் பின்னடைவாகப் படிக்காதீர்கள். ஒரு சுற்று முடிந்து புதுச் சுற்று தொடங்கியிருக்கிறது.

எட்டு வந்ததால் எட்டு மாதம் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த முறையில் எண் படியைத்தான் குறிக்கிறது; தேதி கேட்டால் அதற்குத் தனியாக வேறு விரிப்புதான் போட வேண்டும்.