ரெஃபரல் கேப்ஷன்: "30 நாள் ஃப்ரீ"ன்னு போட்டுட்டோம், ஆனா எப்ப கிடைக்கும்?

[திரையில் ஒரு போஸ்டர். கீழ கேப்ஷன்: "ஃப்ரெண்ட கூப்பிடுங்க, 30 நாள் ஃப்ரீ! இப்பவே டவுன்லோட் பண்ணுங்க! *நிபந்தனைகள் உண்டு"]

வணக்கம் மக்களே. இந்த கேப்ஷன்ல எந்த தப்பும் கண்ணுக்குத் தெரியல இல்ல? ஆனா இத போட்ட மூணாவது வாரம் கமென்ட் பாக்ஸ்ல "ஃபிராடு ஆப்பு"ன்னு எழுத ஆரம்பிச்சிருவாங்க, அதுவும் சரியா எல்லா ரூலையும் ஃபாலோ பண்ணுனவங்களே எழுதுவாங்க. ஏன்னு பாக்கலாம், கடைசில இதே கேப்ஷன திருத்தி எழுதிடலாம்.

உதாரணத்துக்கு நாமளே ஒரு ஆப் வச்சுக்கலாம், ஆடியோ புக் கேக்குற ஆப். ரெஃபரல் திட்டம் இதுதான்: நீங்க ஒருத்தர கூப்பிட்டா, அவருக்கு 15 நாள் இலவசம். அந்த 15 நாள் முடிஞ்சு அவர் முதல் மாச சந்தா கட்டணும். கட்டின 7 நாளுக்குள்ள வேண்டாம்னா பணம் திருப்பி வாங்கிக்கலாம். அந்த 7 நாளும் தாண்டுனாதான் உங்க கணக்குல 30 நாள் ஏறும். கேம்பெயின் மார்ச் 1 முதல் மார்ச் 31 வரைக்கும்.

ரிவார்ட டவுன்லோடுக்கே குடுத்துட்டா என்னன்னு கேக்கலாம். குடுத்தா ஒரே ஆள் பத்து ஈமெயில் ஓபன் பண்ணி பத்து தடவ இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவான், அதுக்குன்னே கம்ப்யூட்டர்ல போலி ஃபோன ஓட்டுற எமுலேட்டர் எல்லாம் இருக்கு. அதனாலதான் பணம் கட்டுற இடத்துல கதவு வைக்கிறாங்க, பணத்தையும் கட்டிட்டு ரிவார்டு வந்ததும் ரீஃபண்டு கேட்டுருவாங்கன்னு அந்த 7 நாள் காத்திருப்பு. நிபந்தனை நியாயமானதுதான், ஆனா அது கேப்ஷன்ல இல்ல, அங்கதான் சிக்கல்.

[திரையில் காலண்டர்]

இப்ப தேதிய போட்டுப் பாருங்க. உங்க ஃப்ரெண்டு மார்ச் 25 அன்னைக்கு சேர்றாரு. அவரோட 15 நாள் ஏப்ரல் 8 வரைக்கும் ஓடும். ஏப்ரல் 9 பணம் கட்டுறாரு. ரீஃபண்டு காலம் 15-ம் தேதி முடியும். உங்களுக்கு 30 நாள் ஏறுறது ஏப்ரல் 16. அதாவது அவர் சேர்ந்து 22 நாள் கழிச்சு. கேப்ஷன்ல "இப்பவே"ன்னு போட்டிருக்கு, உங்க ஃப்ரெண்டும் சேர்ந்துட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டாரு, அப்ப நீங்க தினமும் ஆப்ப திறந்து பாத்துட்டுதானே இருப்பீங்க, மூணு வாரம் சும்மா இருப்பீங்களா?

இதவிட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. "கேம்பெயின் மார்ச் 31 வரை"ன்னு மட்டும் எழுதிட்டா, மார்ச் 31-க்குள்ள என்ன நடக்கணும்? ஃப்ரெண்டு சேரணுமா, இல்ல பணம் கட்டணுமா? பணம் கட்டணும்னு வச்சுக்கிட்டா, மார்ச் 16-ம் தேதி சேர்ந்தவர் 31 அன்னைக்குக் கட்டிருவாரு, தப்பிச்சாரு. 17-ம் தேதி சேர்ந்தவருக்கு இலவச நாள் முடியறதே 31, அவர் கட்டுறது ஏப்ரல் 1. போச்சு. அப்படின்னா நம்ம ஒரு மாச கேம்பெயின் நெசமா 16 நாள் கேம்பெயின்தான், மிச்ச நாள் பூரா ஜனங்க ரிவார்டே வராத வேலைக்கு லிங்க் அனுப்பிட்டு இருப்பாங்க. இது பெரும்பாலும் வேணும்னு பண்றது கெடையாது, கேப்ஷன் எழுதுறவரும் ரூல் போடுறவரும் ஒரே காலண்டர முன்னால வச்சுப் பேசாததால வர்றது. என்னைக் கேட்டா, சேர்ற தேதியதான் கணக்குல எடுக்கணும், அதையே எழுதணும்: "மார்ச் 31-க்குள்ள சேர்ந்தா போதும், பணம் அப்புறம் கட்டினாலும் கணக்குல வரும்." பல நாட்டுல ஓடுற ஆப்பா இருந்தா 31 ராத்திரி 12 மணி எந்த நேரக் கணக்குன்னும் ஒரு வார்த்த போட்டுருங்க.

[திரையில் இரண்டு ஃபோன்]

அடுத்தது "உங்க லிங்க்ல சேரணும்"ங்கிற நிபந்தனை. இத படிக்கிறவங்க லேசா எடுத்துக்குவாங்க, ஆனா அதிகமா ரிவார்டு காணாமப் போறது இங்கதான். ஆண்ட்ராய்டுல ப்ளே ஸ்டோர் லிங்க்லயே உங்க கோட ஒட்டி அனுப்ப முடியும், இப்படி:

```
https://play.google.com/store/apps/details?id=com.example.app&referrer=code%3DKAVI27
```

அந்த கடைசில இருக்கிற `referrer` பகுதிய ப்ளே ஸ்டோர் பிடிச்சு வச்சுக்கும், இன்ஸ்டால் ஆனதும் ஆப் அத கேட்டு வாங்கிக்கும். 90 நாள் வரைக்கும் அந்தத் தகவல் இருக்கும், ஆனா ஆப் முதல் தடவ திறந்த உடனே படிச்சுக்கிறதுதான் வழக்கம். ஐஃபோன்ல ஆப் ஸ்டோர் இந்த மாதிரி கோட கைமாத்தி ஆப்புக்குள்ள தராது. அதனால லிங்க தட்டி, ஸ்டோருக்குப் போயி, டவுன்லோட் பண்ணி உள்ள வரும்போது யார் அனுப்புனதுன்னு ஆப்புக்கு உறுதியா தெரியாது. இதுக்கு சுத்தமான வழி, சேரும்போது கோட கையால டைப் பண்ண ஒரு பெட்டி வைக்கிறதுதான்.

ஆண்ட்ராய்டுலயும் ஒரு விஷயம் நடக்கும். ஃப்ரெண்டு உங்க லிங்க தட்டுவாரு, பஸ்ல இருக்கேன் அப்புறம் பண்றேன்னு மூடிருவாரு, ராத்திரி வீட்டுக்குப் போயி ப்ளே ஸ்டோர்ல ஆப் பேர தேடி இன்ஸ்டால் பண்ணுவாரு. லிங்க் வழியா வரல, தானா தேடி வந்தவர்னு பதிவாயிடலாம். நீங்க "நான்தான் அனுப்புனேன், வாட்ஸ்அப்ல இருக்கு பாருங்க"ன்னு காட்டினாலும் சிஸ்டத்துக்கு அது தெரியாது. அதனால கேப்ஷன்ல லிங்க்னு மட்டும் சொல்லாம "சேரும்போது கோட் போடணும்"னு சொல்லிட்டா ரெண்டு ஃபோனுக்கும் பொருந்தும், தேடி வந்தவரும் கோட் போட்டா கணக்குல வந்துருவாரு. சேர்ந்ததுக்கு அப்புறம் போட முடியுமா முடியாதாங்கிறதையும் சொல்லுங்க, பல ஆப்ல முடியாது.

நடந்துச்சா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஆப்புக்குள்ள "நண்பர அழை" பக்கத்துல ஃப்ரெண்டு பேருக்கு நேரா "சேர்ந்துட்டாரு"ன்னோ "காத்திருக்கு"ன்னோ வரணும். ஒரு நாள் ஆகியும் அவர் பேரே அங்க வரலன்னா கோட் ஒட்டல. பேர் வந்து "காத்திருக்கு"ன்னு நின்னா கோட் ஓகே, பணமோ 7 நாளோ பாக்கின்னு அர்த்தம். சப்போர்ட்டுக்கு வர்ற பாதி கேள்விக்கு இந்த ரெண்டு வரியே பதில்.

"புது யூசர்"னா யாருங்கிறதையும் ஒரு வரில சொல்லிடணும். போன வருஷம் வச்சிருந்து டெலீட் பண்ணுனவர் தன்ன புது ஆளுன்னுதான் நெனப்பாரு, ஆனா அவர் கணக்கு இன்னும் உள்ளதான் இருக்கு. வீட்ல ஒரே டேப்லெட்ட ரெண்டு பேர் யூஸ் பண்ணாலும் ஒரே டிவைஸ்னு பிடிச்சு நிறுத்திடலாம், அது மோசடி இல்லாட்டியும்.

உச்சவரம்பு, அதாவது அதிகபட்சம் எத்தன பேருக்கு ரிவார்டுங்கிறது. நம்ம ஆப்ல 5 பேர், 150 நாள். இத மறைக்காதீங்க, ஏன்னா ஆறாவது ஆள கூப்பிட்டவர்தான் உங்களோட நல்ல ஆளு, அவரையே கோவப்படுத்திருவீங்க. ஆறாவது ஃப்ரெண்டுக்கு 15 நாள் கிடைக்குமா? கிடைக்கும்னா அதயும் சொல்லிருங்க, சொல்லலன்னா அவர் அனுப்புறதையே நிறுத்திருவாரு.

அப்புறம் ஒரு எச்சரிக்க, "5 ஸ்டார் போட்டா இன்னும் 10 நாள்"னு மட்டும் சேத்துராதீங்க. ஆசை காட்டி ரேட்டிங் வாங்குறத கூகுளும் சரி ஆப்பிளும் சரி அனுமதிக்கிறதில்ல, ஆப்பே ஸ்டோர்ல இருந்து போற அளவுக்கு வினையாகும்.

[திரையில் இன்ஸ்டாகிராம் போஸ்ட், கேப்ஷன் பாதியில வெட்டி நிக்குது]

இப்ப எழுதுவோம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, ஆனா ஃபீட்ல சுமார் 125 எழுத்துக்கு அப்புறம் வெட்டிரும், மிச்சத்த தட்டித்தான் பாக்கணும். தமிழ்ல புள்ளி, கொம்பு, காலு எல்லாம் தனித்தனியா எண்ணப்படும், "நண்பர்" நம்ம கண்ணுக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 6. அதனால தமிழ் கேப்ஷன் நாம நெனைக்கிறத விட சீக்கிரம் வெட்டுப்படும். முதல் வரில ரிவார்டும் அதோட முக்கிய நிபந்தனையும் சேர்ந்தே இருக்கணும், ரிவார்டு மேல நிபந்தனை வெட்டுக்குக் கீழன்னு இருக்கக் கூடாது.

முதல் வரி இது:

"நண்பர் முதல் மாசம் பணம் கட்டினா உங்களுக்கு 30 நாள் இலவசம். அவருக்கு சேர்ந்த உடனே 15 நாள் இலவசம்."

இடைவெளியெல்லாம் சேத்து 96 தான் வருது, வெட்டுக்குள்ள அடங்கிடும். "ஃப்ரெண்டு"ன்னு எழுத ஆசைதான், அது 9 எழுத்து தின்னும், அதான் நண்பர்.

வெட்டுக்குக் கீழ:

"உங்க கோட் ஆப்ல 'நண்பர அழை' பக்கத்துல இருக்கு. நண்பர் சேரும்போதே அந்த கோட போடணும், அப்புறம் போட முடியாது. இதுக்கு முன்னாடி இந்த ஆப்ல கணக்கே இல்லாதவரா இருக்கணும். மார்ச் 31-க்குள்ள சேர்ந்தா போதும், பணம் அப்புறம் கட்டினாலும் கணக்குல வரும். பணம் கட்டி 7 நாள் கழிச்சு உங்க 30 நாள் ஏறும், ஆக அவர் சேர்ந்ததுல இருந்து சுமார் 3 வாரம் ஆகும். அதிகபட்சம் 5 பேர், 150 நாள். அதுக்கு மேல கூப்பிட்டாலும் நண்பருக்கு 15 நாள் உண்டு."

டவுன்லோட் லிங்க கேப்ஷன்ல ஒட்டாதீங்க, அங்க தட்டினா சாதாரணமா திறக்காது, வெறும் எழுத்தாதான் நிக்கும், ப்ரொஃபைல்ல வையுங்க. கமென்ட்ல ஒண்ண பின் பண்ணி வச்சிருங்க: "நண்பர் பேருக்கு நேரா 'காத்திருக்கு'ன்னு இருந்தா கவலைப்படாதீங்க, தேதி பக்கத்துலயே இருக்கும். பேரே இல்லன்னா கோட் ஒட்டல, அவர் பணம் கட்டுறதுக்கு முன்னாடி சப்போர்ட்டுக்கு எழுதுங்க." அந்தத் தேதிய ஆப்ல காட்டுறதுக்கு டெவலப்பர்கிட்ட கேம்பெயின் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருங்க.