அத்தையின் மார்கழிக் கோலங்கள்

வணக்கம் நேயர்களே. இருபது வருடமாக போன் பழுதுபார்க்கிறேன். உடைந்த திரையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் பேக்கப் பற்றி, அதாவது போனில் இருப்பதற்கு ஒரு நகலை மேலே இணையக் கணக்கில் ஏற்றி வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சரி, பத்து நிமிடம் என்றார்கள்.

என் அத்தையின் கதையிலிருந்து வருகிறேன். தை பிறந்து நாலாம் நாள், அவருடைய ஆண்ட்ராய்டு போன் தண்ணீர் அண்டாவில் விழுந்தது. போனது போகட்டும், மார்கழி முழுக்கப் போட்ட கோலங்களின் படம் அதில்தான் இருந்தது. "அதான் மேல ஏறியிருக்குமே, எடுத்துக் குடுடா" என்றார். புதுப் போனில் அவருடைய கூகுள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக ஏறிய படம் ஆடி மாதத்தது. ஆடிக்கு அத்தை சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். அங்கே வைஃபை உண்டு, ஊர் வீட்டில் கிடையாது. தினமும் ஒன்றரை ஜிபி தரும் சிம்தான். படங்கள் வைஃபை கிடைத்தால் மட்டும் ஏறட்டும் என்றுதான் அமைப்பு இருந்தது. பாதி வருடம் அது ஊரில் வைஃபைக்குக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, வைஃபை போட்டால் தீர்ந்ததா? மகன் உடனே போட்டுக் கொடுத்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படங்கள் ஏறியிருந்தன, போனின் பேக்கப் மட்டும் நடக்கவில்லை. அமைப்புகள், எஸ்.எம்.எஸ்., அழைப்புப் பட்டியல் எல்லாம் அதில்தான் சேரும். அது தானாக ஓட மூன்றும் ஒரே சமயத்தில் கூட வேண்டும்: வைஃபை, சார்ஜர், அதோடு போனை யாரும் இரண்டு மணி நேரம் தொடாமல் இருப்பது. அத்தையோ பேட்டரி பாவம் என்று ராத்திரி போனை அணைத்துவிடுவார். காலை ஐந்து மணிக்கு சார்ஜில் போட்டு, சுப்ரபாதம் வைத்துக்கொண்டு கோலம் போடுவார். சார்ஜ் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, ஆனால் போனுக்கு ஓய்வு இல்லை. பத்து மணிக்குப் படுக்கும்போது அணைக்காமல் சார்ஜில் போடச் சொன்னேன். மறுநாளே பேக்கப் தேதி மாறியது.

இடையில் ஒன்று. பக்கத்து வீட்டுப் பையனின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கினால் திரையில் வைஃபை சின்னம் வரும். ஆனால் அது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று போன் பல சமயம் கண்டுபிடித்துவிடும். பேக்கப் நகராது.

அப்புறம் இரண்டாவது தடை. பங்குனியில் பேக்கப் மறுபடி நின்றது. இந்த முறை 'சேமிப்பிடம் நிறைந்தது' என்று வந்தது. அத்தை என்ன செய்தார் தெரியுமா? போனிலிருந்த பழைய படங்களை அழிக்க ஆரம்பித்தார். நேயர்களே, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: போனில் இருக்கும் இடம் வேறு, மேலே கணக்கில் இருக்கும் இடம் வேறு. போன் 128 ஜிபியாக இருக்கலாம். கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபிதான். அதற்குள் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்து அடைய வேண்டும். 2021 ஜூனுக்கு முன் கொஞ்சம் சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்கள் கணக்கில் சேரவில்லை. அதற்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் சேர்கிறது. 2024-க்குள் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15-க்குள் வந்துவிட்டது.

அத்தை கணக்கைத் திறந்து பிரித்துப் பார்த்தோம். படங்கள் 4 ஜிபி, மெயில் 2, மீதி 9-ம் வாட்ஸ்அப் பேக்கப். உறவுக்காரக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள்! வாட்ஸ்அப்பில் அரட்டை பேக்கப் பக்கத்தில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை அணைத்து, உடனே பேக்கப் எடுக்கச் சொன்னோம். புதுசு பழசின் இடத்தில் உட்கார்ந்தது, 9 ஜிபி ஒன்றரையாகச் சுருங்கியது. வீடியோ போனில் அப்படியே இருக்கிறது, மேலே மட்டும் போகாது. அழித்த மெயில்களின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். அதில் கிடப்பதும் இடம் பிடிக்கும். இடம் நிறைந்தால் ஜிமெயிலுக்கு வரும் கடிதமும் திரும்பிப் போகும் என்று சொன்னபோதுதான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார், பென்ஷன் அலுவலகம் மெயிலில்தான் எழுதுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஐபோனுக்குத் தனியாக வைத்திருந்தேன். சுருக்கமாக: இலவசம் 5 ஜிபிதான். திரை பூட்டியிருக்க வேண்டும், சார்ஜும் வைஃபையும் வேண்டும். எந்தப் போனானாலும் பச்சை டிக்கைப் பார்க்காதீர்கள், கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பாருங்கள். அத்தை இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறார். போன மார்கழிக் கோலங்கள் போனதுதான், எதிர்வீட்டு மாமி தன் போனில் எடுத்திருந்த மூன்று மட்டும் கிடைத்தன. வணக்கம்.