முதல் நாள் எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். குடிநீர்த் திட்டங்களைக் கட்டி முடித்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அப்படி ஒப்படைக்கும்போது கொடுக்கும் ஆவணத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முன்பெல்லாம் நாங்கள் ஒரு தடித்த கோப்பைக் கொடுப்போம். வரைபடங்கள், பம்ப் கம்பெனியின் கையேடுகள், சோதனைச் சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுவோம். கோப்பு அலுவலக பீரோவுக்குப் போய்விடும். நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவரிடம் ஒரு தாள்கூட இருக்காது. அவருக்கு என்ன தேவை என்று நாங்கள் கேட்கவே இல்லை. அது எங்கள் தவறுதான்.

ஒரு பேரூராட்சித் திட்டத்தில்தான் இதை மாற்றிப் பார்த்தோம். 40 குதிரைத்திறன் மோட்டார், 5 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. எல்லாம் புதிதாக, ஒழுங்காக ஓடிய நாளில் மூன்று எண்களைக் குறித்து, லேமினேட் செய்து சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டினோம். பம்ப் வெளியேற்றுக் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5.2 கிலோ. மோட்டார் இழுக்கும் மின்சாரம் 48 ஆம்பியர். காலியான தொட்டி நிரம்ப 4 மணி நேரம்.

இந்த மூன்றும் சேர்ந்துதான் பேசும். அழுத்தமும் ஆம்பியரும் இரண்டுமே குறைந்தால் பம்புக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை, அல்லது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. அழுத்தம் கூடி ஆம்பியர் குறைந்தால் வழியில் ஏதோ வால்வு பாதி மூடியிருக்கிறது. அழுத்தம் குறைந்து ஆம்பியர் கூடினால் தண்ணீர் எங்கோ தடையில்லாமல் வெளியே போகிறது, அதாவது குழாய் உடைந்திருக்கிறது. நாங்கள் போட்டது மையவிலக்குப் பம்ப். அதில் அதிகத் தண்ணீர் போனால் மோட்டாருக்குச் சுமை ஏறும். இது கையேட்டிலும் உண்டு, ஆனால் வளைகோட்டுப் படமாக. அந்தப் படத்தை மூன்று வாக்கியமாக்கித் தாளில் அச்சடித்தோம்.

ஒப்படைத்த ஏழாவது மாதம், விடியற்காலையில் பம்ப் ஆபரேட்டர் கூப்பிட்டார். "சார், ப்ரஷர் 4.1ல நிக்குது. ஆம்பியர் 55க்குப் போயிடுச்சு. பம்ப்ல கோளாறு இல்ல, லைன்லதான்னு நினைக்கிறேன்" என்றார். மோட்டாரை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பிப் பார்த்ததில், சிறுபாலத்துக்கு அடியில் இணைப்பு விலகித் தண்ணீர் வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சாலையில் ஈரமே தெரியவில்லை. அந்த எண்கள் இல்லையென்றால் முதலில் பம்பைத்தான் கழற்றியிருப்பார்கள். ஒரு நாள் வீணாகியிருக்கும்.

பழுது பார்க்க அந்தப் பகுதியின் வால்வை மூட வேண்டும். அதற்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தோம். எந்த வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை மீட்டரில் வால்வு புதைந்திருக்கிறது, முழுக்க மூட எத்தனை சுற்று என்று. இந்த வால்வுக்கு 26 சுற்று. 19லேயே இறுகி நின்றால் மூடிவிட்டதாக நினைக்கக் கூடாது, அடியில் கல்லோ மண்ணோ சிக்கியிருக்கிறது. சாலை போடும்போது வால்வுக் குழிகள் தாருக்குள் மறைந்துவிடும். அதனால் அழியாத அடையாளத்திலிருந்து அளந்த தூரம்தான் கைகொடுக்கும்.

அப்புறம் பயிற்சி. கூட்டம் போட்டுப் பேசி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி ஆகாது. நாங்கள் இரண்டு வாரம் நிலையத்திலேயே இருந்தோம். முதல் வாரம் நாங்கள் இயக்க அவர்கள் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அவர்கள் இயக்க நாங்கள் தள்ளி நின்றோம். வால்வை வேகமாக மூடினால் குழாயில் அதிர்வு வரும் என்று சொல்வதைவிட, அவர்களே மெதுவாக மூடி, கேஜ் முள் ஆடாமல் நிற்பதைப் பார்ப்பது நல்லது.

குளோரின் கலப்பதையும் அப்படியே செய்தோம். 1 லட்சம் லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், 200 கிராம் குளோரின் வேண்டும். 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 800 கிராம். மூட்டை திறந்து கிடந்தால் வீரியம் இறங்கிவிடும், 800 கிராம் போதாது. அதனால் கடைசித் தெருக் குழாயில் சோதித்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். இரவுப் பணிக்காரர் உட்பட ஒவ்வொருவரும் ஒருமுறை தனியாகச் செய்து காட்டிய பிறகே பயிற்சி முடிந்ததாக எழுதினோம்.

உதவி ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு பக்கம். எந்தக் கோளாறை ஆபரேட்டரே சரிசெய்யலாம், எதற்கு மின்பணியாளர், எதற்கு ஒப்பந்ததாரர், அவர் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்று. ஆட்களின் பெயர் மாறிவிடும் என்பதால் பதவியையும், அந்தப் பதவிக்கென்றே வைத்த செல்பேசி எண்ணையும் எழுதினோம்.

ஒப்பந்தப்படி குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 12 மாதம். அது முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் போட்டோம். பதினோராவது மாதத்தில் பேரூராட்சியும் ஒப்பந்ததாரரும் சேர்ந்து முதல் நாள் எண்களை மறுபடி அளக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். அப்படி அளந்தபோது தொட்டி நிரம்ப 4 மணி 35 நிமிடம் ஆனது. அழுத்தமும் ஆம்பியரும் சேர்ந்து இறங்கியிருந்தன. பம்பைத் திறந்து பார்த்தோம், இம்பெல்லர் தேய்ந்திருந்தது. ஒப்பந்ததாரர் தம் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். மாற்றிய அன்று எடுத்த புதிய எண்களை, பழைய தாளுக்குக் கீழே ஆபரேட்டரே எழுதி ஒட்டினார்.

வணக்கம்.